பாட்டிக்குப் பிறந்தநாள் காணொளி: ஏழு பேர் சொன்னதை ஒரே குரலில் எப்படிப் படிப்பது?

கித்தாகாட்டுப் பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது பெஸ்தாரி ஜெயாவில். எங்கள் பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, பத்து வருடமாக பர்மிங்காமில் அத்தை வீட்டில் இருக்கிறார். நவம்பர் மூன்றாவது வாரம் அவருக்கு ஐசி கணக்கில் 80 வயது. பாட்டியைக் கேட்டால் 78 என்பார். ஐசி போடும்போது கிராணி தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டாராம்.

ஒரு காணொளி செய்கிறோம். பழைய படங்கள் ஓடும், பின்னால் என் குரல் பேசும். பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அம்மா, பாகான் செராயில் இருக்கும் சின்னப் பாட்டி, சிங்கப்பூர் அண்ணன், அப்புறம் பழைய லயத்தில் பக்கத்து வீட்டிலிருந்த ஓர் அம்மா. ஏழு பேரும் வாட்ஸ்அப்பில் எழுதியோ பேசியோ அனுப்பிவிட்டார்கள். ஆளுக்கு ஆள் தானே பேசட்டும் என்றுதான் முதலில் நினைத்தோம். கேமராவைப் பார்த்ததும் அம்மா விறைத்துப்போய் நின்றார். சித்தப்பா ஒன்பது நிமிடம் பேசினார். சின்னப் பாட்டி அழுதுவிட்டார். அதனால்தான் ஒரே குரல், என் குரல்.

எல்லாவற்றையும் சேர்த்து எழுதினேன். 1,140 சொல் வந்தது. நேற்று ராத்திரி படித்துக் காட்டினேன். அப்பா முழுதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல எங்கம்மா இல்லையே" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். ஒரு துண்டு போடுகிறேன், பாருங்கள்:

"அன்பான பாட்டி அவர்களே, மழைக்காலங்களில் தாங்கள் எங்கள் அனைவருக்கும் அன்புடன் உணவு சமைத்துக் கொடுத்ததை நாங்கள் என்றும் மறக்க மாட்டோம்."

எங்கே தப்பு?

சித்தியவான் சித்தப்பா

80 என்றால் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவர். அதை விட்டுவிட்டுக் காணொளி என்கிறீர்கள். இங்கிலாந்திலும் கோயில்கள் இருக்கின்றன, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு வாழ்த்துப்பாவும் எழுதியிருக்கிறேன், காணொளியின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்:

அகவை எண்பதை அடைந்த அன்னமே
தகைமை தவழும் தங்கச் சின்னமே

கித்தாகாட்டுப் பேத்தி

நன்றிங்க. தாத்தா போய்ப் பல வருடமாகிவிட்டது, சதாபிஷேகப் பேச்சு வீட்டில் இல்லை. நான் கேட்பது எழுத்தைப் பற்றி. அப்புறம், "அகவை" என்றால் பாட்டி அகவிலை என்று நினைத்துக்கொள்வார்.

தைப்பிங் மழை

எழுத்தில் பெரிய தப்பு இல்லை, சத்தத்தில்தான் இருக்கிறது. வெறும் குரலைக் கேட்டால் யாருக்கும் சலிப்பு வரும். பாட்டிக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை முழுக்கப் பின்னணியில் ஓடவிடுங்கள், அழுதே விடுவார். வயதானவர் ஆச்சே, காது மந்தமாக இருக்கும். குரலைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் சரியாகிவிடும்.

ஒலிவாங்கி

வானொலி நிகழ்ச்சிகளுக்கு 20 வருடத்துக்கு மேல் எழுதியவன். வாழ்த்து மட்டுமே ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பேன். தைப்பிங்காரர் சொன்னதில் பாதி சரி. பாட்டு வேண்டும். ஆனால் பேச்சுக்கு அடியில் வேண்டாம். வயதாகும்போது முதலில் குறைவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கும் சக்தி. ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்தறிய அதுதான் வேண்டும். அதனால்தான் பல பெரியவர்கள் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்கிறார்கள். வால்யூமைக் கூட்டினால் பாட்டும் சேர்ந்துதான் கூடும், சொல் தெளியாது. பாட்டை ஆரம்பத்தில் பத்து விநாடி, முடிவில் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குரல் மட்டும்.

இனி எழுத்துக்கு வருகிறேன். பேத்தி, உங்கள் அப்பா தன் அம்மாவை நீ என்று சொல்வாரா, நீங்கள் என்றா?

கித்தாகாட்டுப் பேத்தி

நீ தான். மூன்று மகன்களும் அப்படித்தான். "அம்மா வரும், அம்மா சொல்லும்" என்று பேசுவார்கள். நான் நீங்க. எழுதும்போது எல்லாவற்றையும் தாங்கள் என்று மாற்றிவிட்டேன், பேத்தி வாயில் நீ வந்தால் நன்றாக இருக்காதே என்று.

ஒலிவாங்கி

அதுதான் விஷயம். உங்கள் அப்பா ஆயுளில் ஒரு தடவைகூட அவரைத் "தாங்கள்" என்று கூப்பிட்டிருக்க மாட்டார். அப்படியிருக்க, அந்த எழுத்தில் அவருடைய அம்மாவை அவர் எங்கே தேடுவார்?

இன்னொன்று. ஏழு பேருக்கு அவர் ஏழு உறவு. அம்மா, அத்தை, அக்கா, பாட்டி, இன்னும் என்னென்னவோ. நீங்கள் எல்லாவற்றையும் "பாட்டி" என்று சமப்படுத்திவிட்டீர்கள். ஏழு பேர் பேசியது ஒருவர் பேசியதாகிப்போச்சு.

கித்தாகாட்டுப் பேத்தி

பக்கத்து வீட்டு அம்மா "மதினி" என்பார். சொந்தம் இல்லை, லயத்தில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் அவரவர் சொல்லை அப்படியே வைத்தால் குழப்பமாகிறதே? என் அம்மாவுக்குப் பாட்டிதான் அத்தை. எனக்கோ பர்மிங்காமில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அத்தை. "அத்தை, உங்க கைமணம் யாருக்கும் வராது" என்று என் குரலில் படித்தால் ரெண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒலிவாங்கி

அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். முழுச் செய்தியையும் அவர்கள் பேச வேண்டாம், கூப்பிடுவதை மட்டும் அவர்கள் குரலிலேயே வாங்குங்கள். "அம்மா!" "அத்தே!" "அக்கா!" "மதினி!" ஆளுக்கு ரெண்டே விநாடி. விறைக்கிறவரும் விறைக்க மாட்டார், அழுகிறவருக்கு அழ நேரம் இருக்காது. வாட்ஸ்அப் குரல் பதிவே போதும். அவருடைய படம் வரும்போது அந்தக் கூப்பாடு, உடனே உங்கள் குரலில் சேதி. யார் கூப்பிட்டது, யாரைக் கூப்பிட்டது என்பதில் பாட்டிக்குச் சந்தேகமே வராது. ஒன்றைக் கவனியுங்கள். "வணக்கம், நான்தான்" என்று ஆரம்பித்தால் விடாதீர்கள். கொல்லையிலிருந்து அடுப்படிக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்தது, சொன்னவர் பெயர் முன்னால் வர வேண்டும். நாம் எழுதும்போது "மழை பெய்தால் சந்தோஷம் என்று பெரியப்பா சொன்னார்" என்று எழுதுகிறோம். கண் முன்னும் பின்னும் போய்ப் படித்துக்கொள்ளும். காதால் அது முடியாது. வாக்கியம் முடியும்வரை இது யார் பேச்சு என்று தெரியாமல் பாட்டி தவிப்பார், தெரியும்போது சொன்னது மறந்திருக்கும். "பெரியப்பா சொல்றாங்க" என்று முதலில் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் சேதி.

நீ, நீங்க சண்டையே வராமலும் எழுதலாம். "அம்மா அன்னிக்கு வீட்டுல இருக்கும்" என்று மகன் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். மகன் வார்த்தை மகன் வார்த்தையாகவே இருக்கும். உங்களுக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

தைப்பிங் மழை

மன்னிக்கணும், பெற்ற தாயை "இருக்கும்" என்று அஃறிணையில் சொல்வதை 80 வயதில் காணொளியாகவே பதிந்து வைப்பதா? பிறகு வெள்ளைக்காரப் பேரன்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

ஒலிவாங்கி

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை அம்மாவை "வரும், போகும்" என்பது இலக்கணப் பிழைதான், மரியாதைக் குறைவு அல்ல. அந்த அம்மாவுக்கே அது தெரியும். உங்கள் வீட்டில் வேறு வழக்கம் இருந்தால் வேறு மாதிரி எழுதுங்கள். இதில் நான் வாதாட வரவில்லை.

பேத்தி, அந்த மழைத் துண்டுக்கு மூலம் என்ன? யார் யார் என்ன அனுப்பினார்கள் என்று மாற்றாமல் போடுங்கள்.

கித்தாகாட்டுப் பேத்தி

மூன்று பேர் அனுப்பியது. அப்படியே தருகிறேன்.

பெரியப்பா எழுதியது: "ராத்திரி தகரத்துல மழ சத்தம் கேட்டா எங்களுக்கு கொண்டாட்டம். அம்மா காலைல காட்டுக்கு போவாது, வீட்ல இருக்கும்."

அப்பா: "மழ நாள்னா மரவள்ளி. அவிச்சு தேங்காப்பூ போட்டு சீனி தூவி தரும். இப்ப யாரு செஞ்சாலும் அந்த மாதிரி வரல."

சித்தப்பா அந்த ஒன்பது நிமிடத்தில் ஓர் இடத்தில்: "அம்மா வாசல்ல நின்னு வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கும். மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கும். ஏன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சது. மழ பேஞ்சா மரம் சீவ முடியாது, அன்னிக்கு சம்பளம் இல்ல."

பாட்டி கித்தா மரம் சீவியவர். தோட்டம் பிறகு செம்பனையாக மாறிவிட்டது.

ஒலிவாங்கி

மூன்று பேரும் ஒரே நாளைச் சொல்லியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பக்கமாக. பெரியவருக்குச் சத்தம், நடுவருக்கு ருசி, சின்னவருக்கு முகம். நீங்கள் மூன்றையும் பிழிந்து "அன்புடன் உணவு" ஆக்கிவிட்டீர்கள். பிழியக் கூடாது, அடுக்க வேண்டும். என் கைப்படி இப்படி வரும்:

*பெரியப்பா குரல்:* அம்மா!
*நீங்கள்:* ஈப்போலேருந்து உங்க பெரிய மகன், பாட்டி. பெரியப்பா சொல்றாங்க. ராத்திரி தகரத்துல மழ சத்தம் கேட்டாப் போதும், எங்களுக்குக் கொண்டாட்டம். காலையில அம்மா காட்டுக்குப் போவாது.
*அப்பா குரல்:* அம்மா!
*நீங்கள்:* அப்பா சொல்றாங்க. அன்னிக்கு மரவள்ளி. தேங்காப்பூ போட்டு, சீனி தூவி. இப்ப யார் செஞ்சாலும் அந்த மாதிரி வரல.
*சித்தப்பா குரல்:* அம்மா!
*நீங்கள்:* சித்தப்பா சொல்றாங்க. அம்மா வாசல்ல நின்னு வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கும். ஏன்னு அப்போ புரியல. மழ பேஞ்சா அன்னிக்குச் சம்பளம் இல்ல.

அங்கே நிறுத்திவிடுங்கள். மூன்று விநாடி யாரும் பேச வேண்டாம். "உங்கள் தியாகத்தை" என்று ஒரு வரி சேர்க்கக் கை அரிக்கும். சேர்க்காதீர்கள், பாட்டிக்குத் தெரியாததா?

கித்தாகாட்டுப் பேத்தி

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அம்மாதான் "இதயே வச்சிரு" என்றார்.

ஆனால் மொத்தம் எவ்வளவு நீளம் வேண்டும்? நான் எழுதிய 1,140 சொல்லைக் கைப்பேசிக் கடிகாரம் வைத்து நிதானமாகப் படித்தால் 13 நிமிடத்துக்கு மேல் போகிறது.

ஒலிவாங்கி

அப்படியானால் நிமிடத்துக்குச் சுமார் 85 சொல் படிக்கிறீர்கள், பெரியவர் காதுக்குச் சரியான வேகம்தான். சொல்லைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். 350 சொல் என்று வைத்துக்கொண்டால் நாலு நிமிடம், கூப்பாடும் இடைவெளியும் சேர்ந்து ஐந்து. அது தாங்கும்.

குறைப்பது எப்படி என்றால், ஏழு பேர் அனுப்பியதிலும் "நல்லா இருக்கணும், நூறு வயசு வாழணும்" இருக்கும். அதை ஏழு தடவை படிக்காமல் கடைசியில் ஒரு தடவை, எல்லார் சார்பிலும் படியுங்கள். அதற்கே பாதி போய்விடும். மீதியில் ஆளுக்கு ஒரே ஒரு சம்பவம். யாரையும் விடக் கூடாது. ஒருவருக்கு ஒரு வரிதான் என்றாலும் அவர் கூப்பாடு இருக்க வேண்டும். இல்லையென்றால் சண்டை உங்கள் வீட்டில்தான் நடக்கும்.

சித்தியவான் சித்தப்பா

எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை இளையவர்கள் "நூறு வயசு வாழணும்" என்று வாழ்த்துவது முறையல்ல. வாழ்த்துவது பெரியவர்கள். இளையவர்கள் வணங்கி ஆசி கேட்க வேண்டும். ஆக மொத்தம் ஏழு பேரில் யார் மூத்தவர்?

கித்தாகாட்டுப் பேத்தி

சித்தப்பா, இது உண்மையிலேயே பயன்படுகிறது. ஏழு பேருமே பாட்டிக்கு இளையவர்கள். கடைசி வரியை "எங்களுக்கு ஆசீர்வாதம் பண்ணுங்க பாட்டி" என்று மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்து விநாடி படம் மட்டும் நிற்கும். பாட்டி டிவியைப் பார்த்து வாய்விட்டு ஆசீர்வாதம் செய்வார், எனக்குத் தெரியும். செய்தி வாசிப்பவருக்கே பதில் சொல்கிறவர்.

கடாரத்துக்காரி

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா பெர்த்தில் அக்காவோடு இருந்தார். நாங்களும் சுங்கை பட்டாணியிலிருந்து இப்படி ஒரு காணொளி அனுப்பினோம். புது வீடு, புதுக் கார், பிள்ளைகள் பட்டம் வாங்கிய படம் எல்லாம் போட்டோம். அம்மா பார்த்துவிட்டு, "அந்த வேப்ப மரம் இருக்கா?" என்று கேட்டார். மரத்தை யாருமே படம் எடுக்கவில்லை. அடுத்த முறை ஊரை எடுத்தோம். இடத்தின் பெயர்களையும் அவர் காலத்துப் பெயராகவே சொன்னோம்.

கித்தாகாட்டுப் பேத்தி

அக்கா, நான் எழுத்தில் பெஸ்தாரி ஜெயா என்று போட்டிருந்தேன்! 2007-இல் மாறிய பெயர். பாட்டிக்கு இது பத்தாங் பெர்சுந்தைதான். மாற்றிவிட்டேன். தோட்டத்துக்கும் வெள்ளைக்காரன் வைத்த பெயரை எடுத்துவிட்டு நம் ஆட்கள் கூப்பிட்ட பெயரைப் போடுகிறேன். சின்னப் பாட்டிக்குத்தான் அது ஞாபகம் இருந்தது.

இனி எனக்குக் கஷ்டமான கேள்வி. பாட்டியின் தம்பி ரெண்டு மாதத்துக்கு முன் தவறிவிட்டார். பாட்டிக்கு இன்னும் சொல்லவில்லை. அவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று அத்தை தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். இப்போது வரிசையாக ஒவ்வொருவராகக் கூப்பிட்டால், தம்பி குரல் வராதது பாட்டிக்குத் தெரிந்துவிடும். அவருடைய பழைய குரல் பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. போன தீபாவளிக்கு அனுப்பியது. அதில் "அக்கா" என்று கூப்பிடுகிறார்.

தைப்பிங் மழை

போட்டுவிடுங்கள். பிறந்தநாள் அன்று எதற்கு அழ வைக்க வேண்டும்? பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கடாரத்துக்காரி

தயவுசெய்து வேண்டாம். எங்கள் மாமா விஷயத்தில் இதே மாதிரி மறைத்தோம். பிறகு தெரிந்தபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அப்போ அன்னிக்கு எல்லாரும் சிரிச்சது நடிப்பா?" அந்தக் காணொளியை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை.

ஒலிவாங்கி

எழுத்து சம்பந்தப்பட்டவரை ஒன்று சொல்வேன். இறந்தவர் குரலை உயிரோடு இருப்பவர் வரிசையில் வைத்தால் அந்த எழுத்தே பொய் சொல்கிறது. இல்லாமல் விட்டால், யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி பிறக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவது உங்கள் அத்தை. அவர் முடிவு செய்யட்டும். வேண்டுமானால் கூப்பிடும் வரிசையே வராத மாதிரி, மகன்கள், பேரன், அப்புறம் மற்றவர்கள் என்று கலைத்துப் போடலாம். ஆனால் சின்னப் பாட்டி "அக்கா" என்று கூப்பிட்டதும் எப்படியும் தம்பி ஞாபகம் வரும். அதை எந்த எழுத்தாலும் தடுக்க முடியாது.

கித்தாகாட்டுப் பேத்தி

அத்தைக்குப் போன் செய்தேன். "யோசிச்சு சொல்றேன்" என்றார். தம்பி குரல் சேர்க்கவில்லை. அதை நானே முடிவு செய்துவிட்டேன். அத்தை முன்பே சொல்லிவிட்டார் என்றால் மட்டும், கடைசியில் அவர் படமும் ஒரு வரியும் வரும். அதற்காக முடிவுப் பகுதியை ரெண்டு விதமாகப் பதியப்போகிறேன்.

மற்றதெல்லாம் தயார். எழுத்து இப்போது 362 சொல். ஆறு கூப்பாடு வந்துவிட்டது. சிங்கப்பூர் அண்ணன் மட்டும் "ஹாய் பாட்டி" என்று அனுப்பியிருக்கிறார், திருப்பிக் கேட்டிருக்கிறேன். அவர் அனுப்பிய ஓர் தகவல் அப்பா சொன்னதோடு ஒத்துவரவில்லை. பாட்டியின் தூக்குச்சட்டி பச்சை என்கிறார் அண்ணன், நீலம் என்கிறார் அப்பா. ரெண்டையும் வைத்து, "யார் சொல்றது சரி பாட்டி?" என்று கேட்டுவிட்டு மூன்று விநாடி நிறுத்துகிறேன்.

ஒலிவாங்கி

அருமை. பதியும்போது காற்றாடியை நிறுத்துங்கள், துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்காருங்கள், எதிரொலி அடங்கும். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண், கொஞ்சம் பக்கவாட்டில். நேராக வைத்தால் ப, பா வரும்போதெல்லாம் காற்று இடிக்கும், உங்களுக்கோ பாட்டி, பெரியப்பா, அப்பா என்று பகரம்தான் அதிகம். அனுப்பும்போது காணொளியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், வாட்ஸ்அப் தரத்தைக் குறைக்காது.

தைப்பிங் மழை

நேர வித்தியாசம் ஏழு மணி, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடாரத்துக்காரி

நவம்பரில் எட்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பிவிடுவார்கள். பாட்டி காலை ஒன்பதுக்குப் பார்க்க வேண்டுமானால் இங்கே சாயங்காலம் ஐந்து.

கித்தாகாட்டுப் பேத்தி

சனிக்கிழமை காலையில் பதிகிறேன். பழக்குலை லாரிகள் ஓடத் தொடங்குவதற்கு முன். இப்போதெல்லாம் தினமும் மழை, எங்கள் வீட்டுக் கூரை இன்னும் தகரம்தான். பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை, ஞாயிறுதான். அத்தையிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

சித்தியவான் சித்தப்பா

வாழ்த்துப்பாவில் "அகவை"யை எடுத்துவிட்டு "வயது" என்று மாற்றியிருக்கிறேன். வேண்டுமா?